அடுத்த ஐந்து மணி நேரம் எந்தப் பாடத்துக்கு?

பிளஸ் டூ திருப்புதல் தேர்வின் விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இயற்பியல்லதான் கம்மி, இனிமே அதையே பிடிச்சுப் படி." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பாடத்தில் எவ்வளவு குறைகிறது என்பதும், அதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் கொடுத்தால் எவ்வளவு கூடும் என்பதும் வேறு வேறு கணக்கு. நேரத்தைப் பிரிக்க உதவுவது இரண்டாவது கணக்கு. அதைப் போடத் தெரிந்தவர்களும் வழக்கமாகச் சறுக்குகிற சில இடங்கள் உண்டு. பொறியியல் கலந்தாய்வை மனதில் வைத்துப் படிக்கும் ஒரு மாணவியின் கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அவள் மதிப்பெண்கள் இப்படி: கணிதம் 90க்கு 58, இயற்பியல் 70க்கு 38, வேதியியல் 70க்கு 45. எழுத்துத் தேர்வை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். அகமதிப்பீடும் செய்முறைத் தேர்வும் இந்த நேரப் பங்கீட்டில் வராது. பள்ளி, டியூஷன், தூக்கம் எல்லாம் போக, சொந்தமாகப் படிக்க அவளுக்கு 40 மணி நேரம் மிஞ்சுகிறது. அதை ஐந்து ஐந்து மணியாக எட்டுத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை மதிப்பெண் கூடும் என்று அவள் போட்ட மதிப்பீடு:

| பாடம் | 1ஆம் துண்டு | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| கணிதம் | 5 | 4 | 4 | 3 | 2 |
| இயற்பியல் | 6 | 5 | 3 | 2 | 1 |
| வேதியியல் | 7 | 5 | 3 | 2 | 1 |

போகப் போக எண் குறைவதைக் கவனியுங்கள். முதல் தவறு இதை மறப்பதில்தான் தொடங்குகிறது. "போன மாசம் வேதியியலுக்கு இருபது மணி நேரம் போட்டேன், பதினேழு மதிப்பெண் ஏறுச்சு, அதனால இந்த மாசமும் அதுக்கே" என்பார்கள். பதினேழு என்பது நான்கு துண்டுகளின் கூட்டுத்தொகை. முதல் துண்டு ஏழு கொடுத்தது, நான்காவது வெறும் இரண்டுதான் கொடுத்தது. அடுத்த துண்டு எவ்வளவு தரும் என்பதைக் கடைசித் துண்டை வைத்துத்தான் சொல்ல முடியும். சராசரியைப் பார்த்தால், ஏற்கெனவே பலன் கொடுத்து முடித்த பாடத்துக்கே மேலும் மேலும் நேரம் போய்ச் சேரும்.

அடுத்தது எடை. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் முழுதாக 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு. ஆகவே இயற்பியலில் ஏறும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் அரை மதிப்பெண்தான். மேலே உள்ள அட்டவணையைப் பார்த்தால் வேதியியலின் ஏழுதான் முதலில் கண்ணில் படும். பாதியாக்கினால் அது மூன்றரை. கணிதத்தின் முதல் மூன்று துண்டுகளுமே அதைவிட மேலே போய்விடுகின்றன.

இப்போது பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கணிதத்தில் 5, 4, 4, அப்புறம் வேதியியல் 3.5, பிறகு கணிதம் 3, இயற்பியல் 3, கடைசியாக இயற்பியல், வேதியியல் இரண்டிலும் தலா 2.5. எட்டுத் துண்டு முடிந்தது. கணிதத்துக்கு 20 மணி, மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து. கட்-ஆஃபில் கூடுவது 27.5. வீட்டில் சொன்னபடி இயற்பியலுக்கு 20 மணியும் மற்றவற்றுக்குப் பத்துப் பத்தும் கொடுத்திருந்தால் கூடுவது 23. நேரம் அதேதான், நாலரை மதிப்பெண் வித்தியாசம். கலந்தாய்வில் அரை மதிப்பெண்ணுக்கே தரவரிசை எங்கேயோ போய்விடும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

இலக்கு 600க்கு மொத்த மதிப்பெண் என்றால் எடை மாறும், பங்கீடும் மாறும். தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் வருவதில்லை, 600இல் முழுதாக வருகின்றன. எந்த எண்ணை உயர்த்தப் பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் போடும் பங்கீடு வீண்தான். கட்-ஆஃபுக்கு எடை இல்லை என்றாலும் மொழிப் பாடத்தில் தேர்ச்சி வேண்டும். அதற்கு வேண்டிய மணி நேரத்தை முதலிலேயே கழித்து வைத்துவிட வேண்டும்.

இங்கே ஒருவர் கேட்பார்: சரி, இந்த 5, 4, 4 எல்லாம் எங்கிருந்து வந்தது? இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். "எனக்கு வேதியியல் ஈஸி, ஏழு ஏறும்" என்று மனதுக்குத் தோன்றியதை எழுதிவைத்தால், பிறகு எவ்வளவு சரியாகக் கூட்டிக் கழித்தாலும் வருவது அந்தத் தோன்றலேதான். மதிப்பீடு விடைத்தாளிலிருந்து வர வேண்டும்.

அவளுடைய இயற்பியல் தாளையே விரித்துப் பார்ப்போம். போனது 32 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்களில் 6, இரண்டு மதிப்பெண் வினாக்களில் 5, மூன்றில் 10, ஐந்தில் 11. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் போனது, சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று எழுத வேண்டும். போன ஆறு ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்கு புத்தகத்தின் பாடப் பயிற்சியிலேயே இருப்பவை. இரண்டு மதிப்பெண்ணில் போனவற்றில் இரண்டு வரையறைகள். பதினோரு அலகுகளின் ஒரு மதிப்பெண் வினாக்களையும் வரையறைகளையும் ஒருமுறை ஓட்ட ஐந்து மணி நேரம் போதும் என்றால், முதல் துண்டின் ஆறு அங்கிருந்து வருகிறது. அடுத்து, கதிர் ஒளியியலில் ஒரு தருவித்தலைப் படம் வரையாமல் எழுதி இழந்த மதிப்பெண்கள் போன்றவை. மாறுதிசை மின்னோட்டக் கணக்குகள் புரியவே இல்லை என்பது கடைசியில் வரும், ஏனென்றால் அதற்கு நேரம் அதிகம்.

பலன் குறைந்துகொண்டே போவதற்கு முக்கியக் காரணம் இந்த வரிசைதான். எளிதில் கிடைப்பதை முதலில் எடுத்துவிட்டதால் மிஞ்சுவது கடினமாக இருக்கிறது. இதைக் கவனிக்காமல், முதல் அலகான நிலைமின்னியலில் தொடங்கிப் புத்தக வரிசையிலேயே போகிறவருக்கு எளிதும் கடினமும் கலந்து கலந்து வரும். நேரம் தீரும்போது பத்தாம் அலகின் எளிய மதிப்பெண்கள் தொடப்படாமலே கிடக்கும்.

வினாத்தாளின் அமைப்பிலேயே இன்னொரு காரணமும் இருக்கிறது. கணிதத்தில் மூன்று மதிப்பெண் பகுதியில் பத்து வினாக்களில் ஏழு எழுதினால் போதும், அதில் ஒன்று கட்டாய வினா. ஏழு எழுத ஏற்கெனவே முடியும் என்றால், எட்டாவதைக் கற்றுக்கொள்வதால் அந்தப் பகுதியில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 'அல்லது' வடிவில் வருகின்றன; இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். அதனால், "இந்தப் பாடத்திலிருந்து பதினொரு மதிப்பெண் வருகிறது, படித்தால் பதினொன்றும் ஏறும்" என்று கணக்கிடக் கூடாது. சாய்ஸில் ஏற்கெனவே தப்பிக்கிற வினாக்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். மாணவர்கள் மதிப்பீட்டைக் கூட்டிப் போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதற்கு நேர்மாறாக, சில பாடங்களில் முதல் சில மணி நேரத்தில் எதுவுமே ஏறாது. கணிதத்தில் 'தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' இதற்குச் சரியான உதாரணம். பிளஸ் ஒன்னில் படித்த தொகையிடல் மறந்திருந்தால், முதல் ஐந்து மணி நேரம் அதைத் தூசு தட்டவே போய்விடும். ஒரு மதிப்பெண் ஏறினால் பெரிது. அடுத்த ஐந்து மணியில் பரப்பு, கன அளவுக் கணக்குகள் கைக்கு வந்து, சாய்ஸைக் கழித்த பிறகும் ஆறு ஏறலாம். துண்டு துண்டாகப் பார்த்து, பெரியதை மட்டும் எடுக்கும் முறை முதல் துண்டின் ஒன்றைப் பார்த்ததும் இதை ஒதுக்கிவிடும். ஆகவே இப்படிப்பட்ட பாடத்தைப் பத்து மணி நேரத்துக்கு ஏழு மதிப்பெண் என்று ஒரே துண்டாக எண்ண வேண்டும். நம் பட்டியலின் கடைசி இரண்டு துண்டுகள் சேர்ந்து கட்-ஆஃபில் கொடுப்பது ஐந்துதான். அவற்றை விட்டுவிட்டு இதை எடுத்தால் மொத்தம் 29.5 ஆகிறது. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஐந்து மணிக்கு ஒரு மதிப்பெண்ணோடு நிற்க வேண்டியதுதான். பத்து மணி நேரம் கையில் உறுதியாக இருந்தால்தான் தொட வேண்டும். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது புதுப் பாடம் தொடங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எச்சரிக்கையாக ஒன்று: இவை எல்லாம் மதிப்பீடுகள். ஒரே மாணவி ஒரே வாரத்தில் இரண்டு மாதிரித் தாள் எழுதினால் நான்கைந்து மதிப்பெண் முன்னே பின்னே வருவது சாதாரணம். மூன்றா இரண்டரையா என்று அலசுவதில் அர்த்தமில்லை. அவை சமம் என்றே வைத்துக்கொண்டு, எதைப் படிக்க மனம் வருகிறதோ அதை எடுக்கலாம். ஐந்துக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முடிவை மாற்ற வேண்டும். இரண்டு துண்டு முடிந்ததும் வேறொரு தாளை எழுதிப் பார்த்து அட்டவணையைத் திருத்த வேண்டும். எழுதிய தாளையே மறுபடி எழுதினால் ஏறுவது அந்த வினாக்களுக்கான ஞாபகம் மட்டும்தான்.

அட்டவணையில் தெரியாத ஒரு செலவும் உண்டு. தொடாமல் விட்ட பாடம் அப்படியே இருக்காது. வேதியியலை மூன்று வாரம் மூடி வைத்தால் பெயர் வினைகளும் ஒரு மதிப்பெண் விடைகளும்தான் முதலில் நழுவும். 45 என்று நினைத்துக்கொண்டிருப்பது 40 ஆகியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் புரட்டினால் அந்த ஐந்தும் நிற்கும் என்றால், மூன்று வாரத்தின் அந்த ஆறு மணியின் பலன் ஐந்து என்றே எழுத வேண்டும். எதுவும் ஏறவில்லையே என்று பூஜ்ஜியம் போடக் கூடாது.

பொதுத் தேர்வு அட்டவணையில் பாடங்களுக்கு நடுவே விடுமுறை நாட்கள் வரும். அந்த நாட்கள் அடுத்து வரும் பாடத்துக்குத்தான் போகும், அங்கே பங்கீடு என்ற பேச்சே இல்லை. ஒரு மதிப்பெண் வினா, வரையறை, சூத்திரம் போன்ற மனப்பாட வேலைகள் அந்த நாட்களில்தான் அதிகம் நிற்கும். அதனால் இப்போதைய 40 மணி நேரத்தைப் பிரிக்கும்போது, அங்கே எப்படியும் செய்யப்போகிற வேலைக்கான மதிப்பெண்ணை இங்கே எண்ணக் கூடாது. அவள் இயற்பியலின் முதல் துண்டில் போட்ட ஆறில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். அதை எடுத்துவிட்டால் இயற்பியலுக்கு இப்போது முதலில் நிற்பது அந்தப் படம் போடாத தருவித்தல்கள்; வேதியியலையும் இதே கண்ணோடு இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.