ஸ்லைடில் உள்ள சம உயரக் கோடுகள்: சரிவைக் கணக்கிட்டு குறுக்கு வெட்டுத் தோற்றம் வரைவது எப்படி?

புவியியல் பாட ஸ்லைடில் ஒரு மலையின் வரைபடம் இருக்கிறது. ஓரத்தில் 1:50,000 என்று அச்சிட்டிருக்கிறது. உடனே ஸ்கேலை எடுத்து அளந்து 50,000 ஆல் பெருக்கினால் விடை தவறாகத்தான் வரும். அந்த எண் அச்சிட்ட தாளுக்கு உரியது. ஸ்லைடில் ஒட்டும்போது படம் பெரிதாகவோ சிறிதாகவோ மாறிவிடும், ஆனால் எழுதிய எண் மாறாது. எனவே ஸ்லைடில் வேலை செய்பவர்கள் 1:50,000 என்ற பின்ன அளவையை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தின் அடியில் கட்டம் கட்டமாக இருக்கும் கோட்டளவையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படத்தோடு சேர்ந்து அதுவும் பெரிதாகும், சிறிதாகும்.

ஒரே வரைபடத்தை எடுத்துக்கொண்டு முழுவதையும் செய்து பார்ப்போம். எண்கள் நான் பயிற்சிக்காக அமைத்தவை. ஒரு ஸ்கேல், நேரான விளிம்புள்ள காகிதத் துண்டு, கிராஃப் தாள், பென்சில் போதும். ஸ்லைடை அச்செடுத்துக்கொண்டால் வசதி. திரையிலேயே அளப்பதானால் வேலை முடியும்வரை பெரிதாக்கும் அளவைத் தொடாதீர்கள்.

படி 1: படம் இழுபட்டிருக்கிறதா?

ஸ்லைடில் இடம் நிரப்ப, படத்தின் பக்கவாட்டு விளிம்பை மட்டும் இழுத்துவிடுவது சகஜம். அப்போது கிழக்கு மேற்காக ஓர் அளவை, வடக்கு தெற்காக வேறோர் அளவை என்று ஆகிவிடும். கோட்டளவை கிடையாகத்தானே இருக்கிறது, அதனால் சாய்வான கோடுகளை அதைக்கொண்டு அளக்கவே முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. வரைபடத்தில் கிலோமீட்டர் கட்டங்கள் இருந்தால் ஒரு கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகைகளால் ஆன கட்டங்களை இதற்கு நம்பாதீர்கள்; நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அவை இயல்பாகவே சதுரமாக இருக்காது. இழுபட்டது உறுதியானால், பவர்பாயின்ட்டில் படத்தைத் தேர்ந்தெடுத்து `Reset Picture & Size` கொடுங்கள். படம் பழைய விகிதத்துக்குத் திரும்பும். ஒட்டுவதற்கு முன்பே இழுபட்டிருந்த படம் என்றால் இதுவும் உதவாது. மூலப் படத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

படி 2: உண்மையான அளவையைக் கண்டுபிடியுங்கள்

நம் கோட்டளவையில் 0 முதல் 2 கி.மீ. வரை குறித்திருக்கிறது. 0-க்கு இடப்பக்கம் இன்னொரு கிலோமீட்டர், சிறு பிரிவுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: பட்டையின் இடது நுனியில் இருந்து அளந்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது 0-வில் இருந்து. நம் ஸ்லைடில் 0 முதல் 2 கி.மீ. வரை 8 செ.மீ. வருகிறது. அப்படியானால் 1 செ.மீ. என்பது 250 மீ. அதாவது இந்த ஸ்லைடின் அளவை 1:25,000. அச்சிட்ட 1:50,000-ஐ நம்பியிருந்தால் ஒவ்வொரு தூரமும் இரண்டு மடங்காகக் கணக்காகியிருக்கும்.

படி 3: கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர்?

அடுத்தடுத்த இரண்டு சம உயரக் கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசம் வரைபடத்தின் ஓரக் குறிப்பில் இருக்கும். ஸ்லைடில் அந்த ஓரத்தை வெட்டியிருந்தால் நாமே கணக்கிடலாம். 100, 200 என்று எண் எழுதிய தடித்த கோடுகள் இரண்டு இருக்கின்றன. நடுவே மெல்லிய கோடுகள் நான்கு. கோடுகள் நான்கு என்றாலும் இடைவெளிகள் ஐந்து. 100-ஐ 5 ஆல் வகுத்தால் 20 மீ. நான்கால் வகுத்து 25 என்று எடுத்தால் அதன் பிறகு எல்லாமே பிசகும்.

படி 4: சரிவு

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை எண்ணாக மாற்றுவோம். மலையின் மேற்குப் பக்கத்தில் 180 மீ. கோட்டுக்கும் 240 மீ. கோட்டுக்கும் நடுவே ஸ்லைடில் 1.4 செ.மீ. தரையில் அது 350 மீ. ஏற்றம் 60 மீ.

```
60 ÷ 350 = 0.171
```

சுமார் 17 சதவீதச் சரிவு. கோணமாகச் சொன்னால் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதே பக்கத்தின் அடிவாரத்தில் 100-க்கும் 140-க்கும் நடுவே 2.9 செ.மீ., அதாவது 725 மீ. இங்கே ஏற்றம் 40 மீ. மட்டுமே. சரிவு 5.5 சதவீதம், சுமார் 3 பாகை. 1:50,000 என்று கணக்கிட்டிருந்தால் அந்த 17 சதவீதம் 8.6 ஆகச் சுருங்கியிருக்கும். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் காகிதத்தில் சாதாரண மேடாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் அளந்தது நாம் வரைந்த கோட்டின் திசையில் உள்ள சரிவை. அந்தக் கோடு சம உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டினால்தான் அந்த இடத்தின் முழுச் சரிவு கிடைக்கும். சாய்வாக வெட்டிச் சென்றால் குறைவாகத்தான் வரும். மலைப்பாதைகள் சுற்றிச் சுற்றி ஏறுவதும் இதற்காகத்தான்.

படி 5: காகிதத் துண்டில் குறித்துக்கொள்ளுங்கள்

இப்போது குறுக்கு வெட்டுத் தோற்றத்துக்காக, மேற்கில் அ என்ற புள்ளியில் இருந்து கிழக்கில் ஆ என்ற புள்ளி வரை, மலையுச்சி வழியாக ஒரு நேர்கோடு. நீளம் 12 செ.மீ., தரையில் 3 கி.மீ. காகிதத் துண்டின் விளிம்பை அந்தக் கோட்டோடு ஒட்டி வையுங்கள். சம உயரக் கோடு விளிம்பைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் சிறு கீறல் போட்டு, உயரத்தையும் உடனே எழுதுங்கள். கீறல்களை முதலில் போட்டுவிட்டு எண்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று குழம்புவது அப்போதுதான்.

நம் துண்டில் கிடைத்தவை:

| அ-வில் இருந்து (செ.மீ.) | உயரம் (மீ.) |
|---|---|
| 0 | 100 |
| 1.6 | 120 |
| 2.9 | 140 |
| 3.8 | 160 |
| 4.4 | 180 |
| 4.9 | 200 |
| 5.3 | 220 |
| 5.8 | 240 |
| 6.3 | 253 (உச்சிப் புள்ளி) |
| 6.9 | 240 |
| 7.9 | 220 |
| 8.8 | 200 |
| 9.6 | 180 |
| 10.3 | 160 |
| 10.7 | ஓடை |
| 11.1 | 160 |
| 12.0 | 180 |

160 இரண்டு முறை அடுத்தடுத்து வருவதைப் பாருங்கள். நடுவே ஓடை இருக்கிறது. அந்த ஓடையைக் கடக்கும் சம உயரக் கோடுகள் எல்லாம் ஓடை வரும் திசையை நோக்கிக் கூர்முனையாக மடங்கியிருக்கும். அதனால் இது பள்ளத்தாக்கு என்பது உறுதி. கூர்முனை உயரம் குறையும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது மலைமுகடு.

படி 6: கிராஃப் தாளில் வரையுங்கள்

அடிக்கோடு 12 செ.மீ.; துண்டில் உள்ள அதே நீளம். நிலைக்குத்து அச்சுக்கு 1 செ.மீ. என்பது 50 மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது 20 மீட்டருக்கு 4 மி.மீ. அச்சை 80-இல் தொடங்கி 260-இல் முடித்தால் 3.6 செ.மீ. உயரம் போதும். 0-வில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் எங்கே தொடங்குகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

துண்டை அடிக்கோட்டின் மீது வைத்து, ஒவ்வொரு கீறலுக்கும் நேர் மேலே அதன் உயரத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளை ஸ்கேலால் இணைக்காமல் கையால் வழவழப்பாக இணையுங்கள். நிலம் ஒவ்வொரு 20 மீட்டரிலும் முறிந்து திரும்புவதில்லையே.

கவனம் தேவைப்படும் இடம் அந்த இரண்டு 160-க்கு நடுப்பகுதி. பலர் இதைச் சமதளமாக இழுத்துவிடுவார்கள். ஓடை அங்கே ஓடுவதால் தரை 160-க்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் 140 மீ. கோட்டை நம் கோடு அங்கே வெட்டவில்லை, எனவே 140-ஐத் தொடவும் கூடாது. நான் 150 அளவில் வளைத்திருக்கிறேன். அது மதிப்பீடுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் பாறைமேடு ஒன்று ஒளிந்திருந்தாலும் இந்த வரைபடத்தில் அது தெரியாமல் போகலாம். உச்சியில் இந்தச் சிக்கல் இல்லை, 253 என்று புள்ளியே கொடுத்திருக்கிறார்கள். உச்சிப் புள்ளி கொடுக்காத வரைபடத்தில் 240-க்கு மேல், 260-க்குக் கீழ் வளைத்துவிடுங்கள்.

படி 7: எத்தனை மடங்கு மிகைப்படுத்தியிருக்கிறோம்?

கிடையாக 1 செ.மீ. என்பது 250 மீ., நிலைக்குத்தாக 50 மீ. 250-ஐ 50 ஆல் வகுத்தால் 5. மலையை ஐந்து மடங்கு நிமிர்த்தியிருக்கிறோம். இதைப் படத்தின் அடியில் எழுதுங்கள். மிகைப்படுத்தாமல் வரைந்தால் மலை முழுவதும் 7 மி.மீ. உயரம்கூட அடிக்கோட்டில் இருந்து எழும்பியிருக்காது, அதனால் இது தேவையான வேலை. ஆனால் இந்தப் படத்தில் பாகைமானியை வைத்துச் சரிவை அளக்கவே கூடாது. நாம் கணக்கிட்ட அந்த 10 பாகைச் சரிவு இங்கே 40 பாகை போல நிற்கும். சரிவு வேண்டுமானால் படி 4-க்குத்தான் போக வேண்டும்.

சரி, வரைந்த தோற்றத்தைப் படிப்போம். மேற்குப் பக்கத்தில் அடிவாரத்தில் கோடுகள் விலகியும் மேலே நெருங்கியும் இருந்தன, அது குழிந்த சரிவு. கிழக்குப் பக்கத்தில் உச்சிக்கு அருகே 1 செ.மீ. இடைவெளியில் தொடங்கி ஓடைப் பக்கம் 0.7 செ.மீ. வரை நெருங்கியது, அது குவிந்த சரிவு. இந்த வித்தியாசத்துக்கு நடைமுறைப் பயன் உண்டு. ஓடையில் நிற்பவருக்கு உச்சி தெரியுமா என்று பார்க்க, 10.7 செ.மீ.-இல் உள்ள ஓடைப் புள்ளியில் இருந்து 253-க்கு ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுங்கள். 8.8 செ.மீ. இடத்தில் அந்தக் கோடு சுமார் 195 மீ. உயரத்தில் போகிறது. தரையோ அங்கே 200 மீ. உச்சி மறைந்துவிடுகிறது. அதே சோதனையை அ-வில் இருந்து செய்தால் பார்வைக்கோடு நாம் குறித்த புள்ளிகள் எதிலும் தரையில் இடிக்காது. ஐந்து மடங்கு மிகைப்படுத்தியதால் இந்த விடை மாறாது, ஏனென்றால் தரையும் பார்வைக்கோடும் ஒரே விகிதத்தில்தான் நிமிர்கின்றன.