கை தவறி உடைந்த டிவிக்கு யார் பணம் தருவார்கள்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் காப்பீட்டை விற்க வரும் புது முகவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். அவர்களை நம்பி பாலிசி எடுத்த குடும்பங்கள்தான் அதற்கு விலை கொடுக்கின்றன. பிரீமியம் கட்ட மறப்பது, பில்லைத் தொலைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

‘இம்பாக்ட் டேமேஜ்’ என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடைவது

இன்று நம் ஊரில் வீட்டுக்கு எடுக்கும் அடிப்படைப் பாலிசி பெரும்பாலும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’தான். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைத்துவிடும். அதற்குப் பொருட்களின் பட்டியல்கூடக் கொடுக்க வேண்டாம். நல்ல பாலிசி. அதில் எனக்குக் குறையில்லை.

குழப்பம் வருவது அதிலுள்ள ஒரு வரியால். தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று வரும் பட்டியலின் நடுவே ‘இம்பாக்ட் டேமேஜ் ஆஃப் எனி கைண்ட்’ என்று இருக்கும். எந்த வகையான மோதல் சேதமும் என்று பொருள். இதைப் படித்ததும் புது முகவர், “டிவி விழுந்து உடைஞ்சாக்கூட கிடைக்கும் சார்” என்று சொல்லிவிடுகிறார். அதே வாக்கியத்தின் மீதியை அவர் படிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் மோதுவதால் ஏற்படும் சேதம் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. வாகனம், விழும் மரம், விமானம், சுவர் என்று உதாரணமும் இருக்கிறது.

தாம்பரம் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டடத்துக்கு 40 லட்சம் எடுத்திருந்தார்கள். ஆகவே பொருட்களுக்கு 8 லட்சம். ஸ்டாண்டில் வைத்திருந்த 55 அங்குல டிவியைக் குழந்தை பிடித்து இழுக்க, அது முகம் குப்புற டைல்ஸ் தரையில் விழுந்தது. பேனல் மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்றது சர்வீஸ் சென்டர். 8 லட்சம் இருக்கும்போது 38,000 வராதா என்று கிளெய்ம் போட்டார்கள். மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரிதான். டிவி மீது வெளியிலிருந்து எதுவும் மோதவில்லை. டிவிதான் தரையில் போய் விழுந்தது. அந்த 8 லட்சமும் பட்டியலில் உள்ள ஆபத்துகளுக்கு மட்டுமே.

அதே டிவி, வார்தா மாதிரி ஒரு புயலில் ஜன்னல் பிய்ந்து வந்து விழுந்து உடைந்திருந்தால் பணம் வந்திருக்கும். தெருவோர மரக்கிளை ஜன்னலை உடைத்து உள்ளே வந்து கண்ணாடி மேசையை நொறுக்கினாலும் வரும். பையன் அடித்த கிரிக்கெட் பந்து திரையில் பட்டால் வாதாட இடமாவது இருக்கிறது. கை தவறிப் போட்டதற்கு அந்த இடமும் இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்து நடப்பதில். “ஷார்ட் சர்க்யூட்னு சொல்லிடுங்க, வோல்டேஜ் ஏறிடுச்சுன்னு எழுதிக்கலாம்” என்று அந்த முகவரே யோசனை சொல்கிறார். வோல்டேஜ் ஏறினால் பின்னாலிருக்கும் பவர் போர்டு கருகும், கெப்பாசிட்டர் உப்பும். திரைக் கண்ணாடி விரியாது. விழுந்த டிவியில் அடிபட்ட புள்ளி ஒன்று இருக்கும், அங்கிருந்து விரிசல்கள் நாலா பக்கமும் கிளம்பியிருக்கும். ஃபிரேமின் மூலை நசுங்கியிருக்கும். சர்வீஸ் சென்டர்காரர் ஜாப் கார்டில் ‘பிசிகல் டேமேஜ்’ என்று ஏற்கெனவே எழுதியும் இருப்பார். பொய் பிடிபட்டால் அந்தக் கிளெய்ம் போவதோடு முடியாது, பாலிசியையே ரத்து செய்ய நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. 38,000 ரூபாய்க்காக 40 லட்சம் வீட்டின் பாதுகாப்பைப் பணயம் வைக்கச் சொல்லும் இந்த யோசனையை எந்த முகவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, கை தவறி விழுந்ததற்கு யார்தான் தருவார்கள்? ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ்’ என்று பகுதி பகுதியாக எடுக்கும் பாலிசிகளில் டிவிக்குத் தனிப் பகுதி உண்டு. சில நிறுவனங்கள் ‘ஆல் ரிஸ்க்’ அல்லது ‘ஆக்சிடென்டல் டேமேஜ்’ என்று கூடுதல் கவராகத் தருகின்றன. அதில் மாடல், சீரியல் எண், விலை எழுதி டிவியைச் சேர்த்திருக்க வேண்டும். அப்போதும் முழுப் பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் டிவிக்கு அப்படி ஒரு கவர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அதே மாதிரி டிவியின் இன்றைய விலை 50,000, வாங்கி 4 ஆண்டு ஆகிறது. பாலிசியில் தேய்மானம் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மதிப்பு 30,000. பேனல் செலவு 38,000 அதைத் தாண்டுவதால் முழு இழப்பாக எடுத்துக்கொண்டு 30,000 என்று கணக்குப் போடுவார்கள். நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை 1,000 என்றால் அதையும் உடைந்த டிவியைப் பழைய பொருளாக விற்றால் கிடைக்கும் விலையையும் கழித்தது போகத்தான் கைக்கு வரும். தேய்மானமும் முதல் தொகையும் பாலிசிக்குப் பாலிசி மாறும். வாங்கும்போதே இந்த இரண்டையும் கேளுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் காப்பீடு என்று நினைப்பது

கடையில் பில் போடும்போது விற்பது பெரும்பாலும் கம்பெனி வாரண்டியின் நீட்டிப்புதான். தானாகப் பழுதானால் சரிசெய்து தருவார்கள், விழுந்தால் இல்லை. விழுந்ததற்கும் சேர்த்துத் தரும் திட்டம் வேறு, அதன் பெயரிலேயே ‘ஆக்சிடென்டல்’ அல்லது ‘ஸ்பில் அண்ட் டிராப்’ மாதிரி ஏதாவது இருக்கும்.

டெக்னீஷியன் வருமுன் பெட்டியைப் பிரிப்பது

ஆன்லைனில் வாங்கிய டிவியில் விரிசல் இருந்தால் அது விற்றவர் பொறுப்பு. நீங்களே பிரித்துவிட்டால், உடைத்தது யார் என்ற தகராறு தொடங்கும். நிறுவ வருபவர் முன்னால் பிரியுங்கள், வீடியோ எடுங்கள். அவர் மாட்டிய சுவர் பிராக்கெட் பிறகு பிடுங்கிக்கொண்டு வந்தால் அது அவருடைய சேவைக் குறைபாடு. நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். அதற்கு அவர் கொடுத்த ஜாப் ஷீட் வேண்டும்.

கண்ணாடி மேசையை ‘பிளேட் கிளாஸ்’ பகுதியில் நம்புவது

ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜில் வரும் அந்தப் பகுதி பெரும்பாலும் பொருத்தப்பட்ட கண்ணாடிக்குத்தான்: ஜன்னல், கதவு, தடுப்பு. சட்டகத்தின் மேல் சும்மா வைத்திருக்கும் மேசைக் கண்ணாடி பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் தொடாமலே சிறுசிறு துண்டுகளாக நொறுங்கியிருந்தால் அது டஃபண்ட் கண்ணாடி. உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் அது இப்படித் தானாகவே வெடிக்கும். அப்போது காப்பீட்டிடம் போகுமுன் மேசை விற்றவரிடம் உற்பத்திக் குறை என்று கேளுங்கள்.

வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனர் பாலிசியை நம்புவது

அது அவர் சொத்துக்கு மட்டும். உங்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வாங்கும் ‘3 சதவீதம் இன்ஷூரன்ஸ்’

பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் எழுதித் தராவிட்டால் அது காப்பீடு இல்லை. சேதம் ஆனால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007.

உடைந்ததைக் குப்பையில் போடுவது

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை துண்டுகூட வீட்டை விட்டுப் போகக்கூடாது.