1998அ, 1998ஆ, 1998இ: ஒரே ஆண்டில் பல நூல்கள், பிறர் வழி மேற்கோள் – படிப்படியாக

காவிரி டெல்டாவின் பாசனம் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் அடிக்கடி வரும். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று நூல்கள் வெளியிட்டிருப்பார். கட்டுரைக்குள் "(பெயர் 1998)" என்று மட்டும் போட்டால், எந்த நூலைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆசிரியர்–ஆண்டு முறையில் இதற்கான தீர்வு ஆண்டின் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பது. அந்த எழுத்தை எப்படித் தீர்மானிப்பது, பிறகு புதிதாக ஒரு நூல் வந்தால் என்ன செய்வது, அந்த நூல் வழியாக இன்னொரு பழைய நூலை எடுத்தாளும்போது எப்படி எழுதுவது என்பதை ஒரே எடுத்துக்காட்டில் செய்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்காக ஆசிரியர் பெயரை "க. மாதிரி" என்று வைத்துக்கொள்கிறேன். நூல் தலைப்புகளும் பயிற்சிக்காக நான் வைத்தவைதான். மூன்றும் 1998இல் வந்தவை என்று கொள்வோம்:

குறுவைச் சாகுபடி
குளங்களும் வாய்க்கால்களும்
குழியும் வேலியும் (நில அளவை பற்றியது, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி)

படி 1: எழுத்து தேவையா என்று பாருங்கள்

ஆசிரியர் அதே ஆள், ஆண்டும் அதே ஆண்டு, இரண்டு நூல்களையும் உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டுகிறீர்கள். இந்த மூன்றும் பொருந்தினால்தான் எழுத்து வேண்டும். மூன்று நூல்களைப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டினால் வெறும் 1998 போதும்.

க. மாதிரியும் ச. மாதிரியும் வேறு வேறு ஆட்கள். அங்கே முன்னெழுத்தைச் சேர்த்து "(க. மாதிரி 1998)", "(ச. மாதிரி 1998)" என்று எழுதுவதுதான் முறை. க. மாதிரி வேறொருவரோடு சேர்ந்து எழுதிய நூல் இருந்தால், மேற்கோளில் இரண்டு பெயர்களும் வருமாதலால் அதற்கும் எழுத்து வேண்டாம்.

படி 2: தலைப்பின் அகரவரிசைப்படி எழுத்தைக் கொடுங்கள்

கட்டுரையில் முதலில் வருகிற நூலுக்கு 'அ', அடுத்து வருவதற்கு 'ஆ' என்று கொடுத்துவிடுவது புதிதாக எழுதுகிறவர்களின் வழக்கம். ஏபிஏ, சிகாகோ இரண்டு நடைகளிலும் விதி அதுவல்ல. ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு நூல்களைத் துணைநூற்பட்டியலில் தலைப்பின் அகரவரிசைப்படி அடுக்க வேண்டும். அடுக்கிய பிறகு மேலிருந்து கீழாக எழுத்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு அ, ஆ, இ வரிசையாகக் கண்ணில் படும்.

நம் மூன்று தலைப்புகளும் 'கு' என்று தொடங்குகின்றன. ஆகவே இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும்: ழி, ள, று. தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதுதான் வரிசை. அதன்படி:

மாதிரி, க. 1998அ. குழியும் வேலியும்.
மாதிரி, க. 1998ஆ. குளங்களும் வாய்க்கால்களும்.
மாதிரி, க. 1998இ. குறுவைச் சாகுபடி.

இங்கே கணினியை அப்படியே நம்பிவிடாதீர்கள். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் எண் வரிசையில் ர, ற, ல, ள, ழ என்று வருகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருள் குறுவை, குளம், குழி என்று நம் பட்டியலை முழுக்கத் தலைகீழாக்கிவிடும். தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள்களும் இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று அறிய இந்த மூன்று சொற்களையே உள்ளிட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். குழி முதலில் வந்தால் சரி.

படி 3: 'ஆம்', 'இல்' ஒட்டுகளோடு மோதாமல் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் "1998ஆம் ஆண்டு" என்றும் "1998இல்" என்றும் எழுதுகிறோம். 1998ஆ, 1998இ என்ற மேற்கோள்களும் அதே எழுத்துகளில்தான் முடிகின்றன. படிக்கிறவர் ஒரு நொடி தடுமாறுவார். அதைவிடப் பெரிய ஆபத்து, தேடி மாற்றும்போது வருகிறது. "1998ஆ" என்று தேடி "1998இ" என்று மாற்றச் சொன்னால், "1998ஆம் ஆண்டு" என்பது "1998இம் ஆண்டு" ஆகிவிடும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. ஆண்டை வாக்கியத்தில் எழுதும்போது 1998-ஆம், 1998-இல் என்று கோடு போட்டு எழுதுங்கள். ஒட்டி எழுதுவதை மேற்கோளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். (இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் ஒட்டி எழுதியது போல ஆய்வேட்டில் எழுத வேண்டாம்.) சில துறைகளில் தமிழ் ஆய்வேட்டிலும் 1998a, 1998b என்றே போடச் சொல்வார்கள். உங்கள் நெறியாளர் அப்படிச் சொன்னால் இந்த மோதலே இல்லை. எதுவானாலும் முதல் இயலிலிருந்து கடைசி வரை ஒரே வகை எழுத்து இருக்கட்டும்.

படி 4: நான்காவது நூல் கிடைத்தால்

இரண்டு இயல் எழுதி முடித்த பிறகு அதே ஆசிரியரின் "குடிமராமத்து நடைமுறைகள்" என்ற நூல் கிடைக்கிறது. அதுவும் 1998 வெளியீடு. 'கு'வுக்கு அடுத்த எழுத்து 'டி'. ட வரிசை ழ வரிசைக்கு மிகவும் முன்னால் வரும். ஆகவே புதிய நூல்தான் 1998அ. மற்ற மூன்றும் ஒவ்வொரு படி இறங்கும்.

இந்த மாற்றத்தைப் பின்னாலிருந்து செய்ய வேண்டும். முதலில் இ என்பதை ஈ ஆக்குங்கள். அப்புறம் ஆ என்பதை இ ஆக்குங்கள். கடைசியாக அ என்பதை ஆ ஆக்குங்கள். இப்போது 'அ' காலியாக இருக்கும், புதிய நூலுக்கு அதைக் கொடுக்கலாம். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் மாற்றத்திலேயே அ-வும் ஆ-வும் கலந்துவிடும். மூன்று மாற்றமும் முடியும்போது எல்லா மேற்கோளும் ஈ ஆகிவிட்டிருக்கும். எது எந்த நூல் என்று பிரிக்க ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் படிக்க வேண்டியதுதான்.

வெறும் "1998இ" என்று தேடினால் வேறு ஆசிரியரின் 1998இ-யும் மாறிவிடும். "மாதிரி 1998இ" என்று பெயரோடு தேடினால் அது தப்பும். ஆனால் "(மாதிரி 1998அ, 1998இ)" என்று இரண்டை ஒன்றாகக் காட்டிய இடத்தில் இரண்டாவது எண்ணுக்கு முன் பெயர் இல்லை, அது தேடலில் சிக்காது. "மாதிரி (1998இ)" என்று அடைப்புக்குறி நடுவில் வரும் இடமும் அப்படித்தான். ஆகவே "மாற்று" என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம்.

இந்தப் பாடு வேண்டாம் என்றால், எழுதும் காலத்தில் எழுத்தே கொடுக்காதீர்கள். [மாதிரி-குறுவை], [மாதிரி-குளம்] என்று தலைப்பின் முதல் சொல்லை வைத்து எழுதிக்கொண்டே போங்கள். பட்டியல் முடிவான பிறகு ஒரு தடவை உட்கார்ந்து எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். நான் எல்லோருக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

Zotero போன்ற மென்பொருள் எழுத்தைத் தானாகவே போட்டுவிடும். அதில் ஒரே நூலுக்கு ஓரிடத்தில் 1998a என்றும் இன்னோரிடத்தில் 1998b என்றும் வந்தால், அந்த நூல் உங்கள் சேகரிப்பில் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது என்று பொருள். இரண்டு பதிவையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

படி 5: பிறர் வழியாக எடுத்தாளும்போது

குளங்கள் பற்றிய நூலின் 47-ஆம் பக்கத்தில், எஃப். ஆர். ஹெமிங்வே 1906-இல் வெளியிட்ட தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரிலிருந்து ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெசட்டியரை நீங்கள் பார்க்கவில்லை, அந்த வரி மட்டும் வேண்டும். நான்காவது நூல் சேர்ந்த பிறகு குளங்கள் நூல் 1998இ ஆகிவிட்டது, இல்லையா? மேற்கோள் இப்படி வரும்:

(ஹெமிங்வே 1906, மேற்கோள்: மாதிரி 1998இ: 47)

வாக்கியத்துக்குள் என்றால்: ஹெமிங்வேயின் (1906) கூற்றை மாதிரி (1998இ: 47) எடுத்துக்காட்டுகிறார்.

துணைநூற்பட்டியலில் மாதிரி 1998இ மட்டும் வரும். ஹெமிங்வே வரக் கூடாது. பட்டியலில் ஒரு நூல் இருந்தால் அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள். பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பது படிப்பவருக்குச் சொல்லும் பொய். பக்க எண்ணும் உங்கள் கையில் இருக்கிற நூலின் பக்க எண்தான். மாதிரியின் அடிக்குறிப்பில் கெசட்டியரின் பக்கம் கொடுத்திருந்தாலும் அதை உங்கள் எண்ணாகப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாதிரி தன் நூலில் ஒரு பழைய ஆசிரியரை "1906ஆ" என்று காட்டியிருக்கலாம். அந்த 'ஆ' அவருடைய பட்டியலுக்குள் மட்டும் பொருள் தரும். உங்கள் பட்டியலில் அந்த ஆசிரியரே இல்லாதபோது 'ஆ' எங்கே போய் நிற்கும்? மூல ஆசிரியருக்கு வெறும் ஆண்டை மட்டும் எழுதுங்கள்.

படி 6: மூலத்தைத் தேடிப் பாருங்கள்

பிறர் வழி மேற்கோள் வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். டெல்டாவில் இருக்கிறவர்களுக்குத் தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகமும் இருக்கின்றன. பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மூலத்தைப் பார்த்தால் வரி சில சமயம் வேறு மாதிரி இருக்கும். நடுவில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கும், அல்லது வேறோர் ஊரைப் பற்றிச் சொன்னதாக இருக்கும்.

கெசட்டியர் கிடைத்துப் படித்துவிட்டால் "மேற்கோள்: மாதிரி" என்ற பகுதியை எடுத்துவிட்டு, கெசட்டியரின் பக்க எண்ணைப் போட்டு, பட்டியலில் ஹெமிங்வேயைச் சேருங்கள். உடனே இன்னொரு தடவை தேடுங்கள்: குளங்கள் நூல் வேறெங்காவது மேற்கோளாக வருகிறதா? அந்த ஒரு வரிக்காக மட்டும்தான் வந்தது என்றால் அது பட்டியலிலிருந்து போய்விடும். 1998இ காலியாகும், குறுவை நூல் 1998ஈ-யிலிருந்து 1998இ-க்கு ஏற வேண்டும். நூலைச் சேர்க்கும்போது கடைசி எழுத்திலிருந்து மாற்றினோம். நீக்கும்போது காலியான இடத்துக்கு அடுத்த எழுத்திலிருந்து தொடங்கிக் கீழே போக வேண்டும்.