வைப்ஸா, பஞ்சும் தண்ணீருமா? டயபர் மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

மூத்தவன் பிறந்து மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. "பஞ்சை நனைச்சுத் தொடச்சா போறாதாடி, இந்த ஈரக் காகிதம் எதுக்கு?" என்று அம்மா கேட்பார். வைப்ஸில்தான் குழந்தைத் தோல் பத்திரமாக இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இருவருமே தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, பிறந்ததிலிருந்து நான்கு வாரம் ஒரு குழுவுக்கு வைப்ஸ், இன்னொரு குழுவுக்குப் பஞ்சும் தண்ணீரும் என்று பயன்படுத்திப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. தோலின் ஈரப்பதத்தில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வைப்ஸ் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதோடு, அவர்கள் சோதித்தது ஆல்கஹால் சேர்க்காத ஒரே ஒரு வகை வைப்ஸை. கடையில் தொங்கும் எல்லா பாக்கெட்டுக்கும் அந்த முடிவு பொருந்தாது. ஆகவே எந்த வைப்ஸ், எப்படித் துடைக்கிறோம் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வைப்ஸைப் பற்றி நாம் மறந்துபோகிற ஒன்று உண்டு. ஷாம்பூ போட்டால் அலசிவிடுகிறோம். சோப்பு போட்டால் கழுவிவிடுகிறோம். வைப்ஸால் துடைத்தபிறகு யாரும் கழுவுவதில்லை. துடைத்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய ஈரப் பளபளப்பு தெரியும், விரல் வைத்தால் லேசாக ஒட்டும். அதன்மேல் அப்படியே டயபரைக் கட்டி மூடுகிறோம். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. அந்தப் பாக்கெட்டில் உள்ள திரவம் எதுவானாலும் அது தோலில் பூசிவிட்ட கிரீம் மாதிரிதான்.

அந்தத் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் துணியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் இருக்க ஏதாவது ஒரு பாதுகாப்புப் பொருள் சேர்த்தே ஆகவேண்டும். அது இருப்பது குற்றமில்லை. எது என்பதுதான் கேள்வி.

இங்கே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று: மெதில்ஐசோதயசோலினோன். சுருக்கமாக எம்ஐ என்பார்கள். தோல் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பேர்போனது. 2014-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆசனவாயைச் சுற்றியும் முகத்திலும் நாள்பட்ட சொறி. எக்ஸிமா, சொரியாசிஸ் என்றெல்லாம் வைத்தியம் பார்த்தும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது எம்ஐ கலந்த வைப்ஸ். அதை நிறுத்தியதும் சீக்கிரமே குணமானது. கழுவாமல் தோலில் விடும் அழகுசாதனப் பொருள்களில் எம்ஐ சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது. வைப்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, வண்டி துடைக்கிற வைப்ஸை அவசரத்துக்கு எடுத்தது என்று எப்படியாவது அது வீட்டுக்குள் வந்துவிடலாம். பாக்கெட்டின் பின்னால் 'தயசோலினோன்' என்று முடியும் பெயர் கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு லேபிளைப் படித்துப் பார்ப்போம். முன்பக்கத்தில் பெரிய கற்றாழை மடல், பக்கத்தில் ஒரு பஞ்சுப்பூ. பின்பக்கம் பொடி எழுத்தில் இப்படி: அக்வா, கிளிசரின், பினாக்ஸிஎத்தனால், அலோ பார்படென்சிஸ் சாறு, சோடியம் பென்சோயேட், சிட்ரிக் ஆசிட், சோடியம் சிட்ரேட், பர்ஃப்யூம்.

அக்வா என்றால் தண்ணீர். எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. இந்தியாவின் 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் 1 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே என்று லேபிளில் எழுதியிருக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பினாக்ஸிஎத்தனால் ஒரு பாதுகாப்புப் பொருள், அதை அதிகபட்சம் 1 சதவீதம்தான் சேர்க்கலாம். எனவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் முழுக்க நிறைந்திருந்த கற்றாழை, பின்பக்கத்தில் அலோ பார்படென்சிஸ் என்ற பெயரில் அந்தக் கோட்டுக்குக் கீழே சிணுங்கிக்கொண்டிருக்கிறது. கற்றாழைக்காகக் கூடுதல் காசு கொடுத்திருந்தால் அது படத்துக்குக் கொடுத்த காசு.

சிட்ரிக் ஆசிட், சோடியம் சிட்ரேட் இரண்டையும் பார்த்து பயப்பட வேண்டாம். அவை இருப்பது நல்லது. தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது. டயபருக்குள் சிறுநீரும் மலமும் சேரும்போது, மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக்கி அந்த இடத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளுகின்றன. அந்தக் காரத்தில்தான் மலத்தில் மிச்சமிருக்கும் செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகித் தோலை அரிக்கின்றன. சிட்ரிக் ஆசிட் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவுவது ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. சாதாரண சோப்பு காரம்.

கடைசியில் இருக்கிறதே பர்ஃப்யூம், இந்தப் பாக்கெட்டை நான் வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். அந்த ஒரு சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். சிலருக்கு ஒவ்வாமை தருபவையும் அதில் அடக்கம். குழந்தையின் அடிப்பாகம் மணக்க வேண்டிய அவசியமும் இல்லை. சில லேபிளில் இதையே ஃப்ராக்ரன்ஸ் என்று போட்டிருப்பார்கள்.

முன்பக்க வாசகங்கள் வேறு ரகம். '99% தண்ணீர்' என்றால் மிச்சம் 1 சதவீதம் என்ன என்றுதான் கேட்க வேண்டும். எம்ஐ வேலை காட்ட அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவே போதும். 'பாரபென் இல்லை' என்றால் வேறொரு பாதுகாப்புப் பொருள் இருக்கிறது என்று பொருள். ஆல்கஹால் விஷயத்தில் மட்டும் தலைகீழான குழப்பம். எரிச்சல் தருவது 'ஆல்கஹால் டினாட்' என்றோ எத்தனால் என்றோ எழுதியிருப்பது. சீட்டைல் ஆல்கஹால் என்பது மெழுகு மாதிரியான, மென்மை தரும் பொருள். பெயரைப் பார்த்து அதை ஒதுக்க வேண்டியதில்லை.

வைப்ஸில் இன்னொரு தவறு, எங்கள் வீட்டிலேயே நடந்தது. மூடி சரியாக ஒட்டாமல் ஒரு பாக்கெட் காய்ந்துபோயிருந்தது. அத்தை அதை வீணாக்க மனமில்லாமல் குடிதண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டார். நாலாம் நாள் எடுத்தால் நனைந்த மிதியடி வாடை. பாதுகாப்புப் பொருள் ஓர் அளவில் இருந்தால்தான் கிருமியைத் தடுக்கும். தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துப்போகும், கூடவே புதுக் கிருமிகளும் உள்ளே போகும். காய்ந்த வைப்ஸைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் வாங்கும்போதே, ஒட்டும் மூடியைவிடப் பிளாஸ்டிக் மூடி உள்ளதாகவும் ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவாகவும் பாருங்கள்.

சரி, பஞ்சுக்காரர்கள் பக்கம் வருவோம். அம்மா முதல் நாள் எடுத்துவந்தது தலையணைக்கு அடைக்கிற இலவம்பஞ்சு. தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன்மேல் இயற்கையாகவே மெழுகுப்பூச்சு இருப்பதால் ஈரத்தை இழுக்காது. மெடிக்கல் ஷாப்பில் நீலத் தாளில் சுருட்டி விற்கிற பஞ்சைக் கேட்டு வாங்குங்கள். லேபிளில் 'அப்சார்பன்ட்' என்றும் 'ஐ.பி.' என்றும் இருக்கும். சந்தேகமானால் ஒரு சிட்டிகை பிய்த்துத் தண்ணீரில் போடுங்கள். நல்ல பஞ்சு பத்து எண்ணுவதற்குள் மூழ்கிவிடும்.

காய்ந்த பஞ்சால் துடைப்பது அடுத்த தவறு. நூல் நூலாகப் பிரிந்து மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். பெண் குழந்தைகளுக்கு அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பிழிந்து, தட்டையாக்கி, முன்னாலிருந்து பின்னாக ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு, ஒரு இழுப்பு, குப்பையில். துடைத்த பஞ்சைத் திரும்பக் கிண்ணத்தில் முக்கினால், அப்புறம் தடவுவது மலம் கலந்த தண்ணீரைத்தான். எட்டுத் துண்டைப் பிழிந்து தட்டில் முன்பே வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது.

கிண்ணத்தில் ரெண்டு சொட்டு ஆன்டிசெப்டிக் விடுகிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஏற்கெனவே சிவந்திருக்கும் தோலில் அது எரிச்சலைக் கூட்டும், வேறு பயன் இல்லை. பஞ்சும் தண்ணீரும் என்றால் வெறும் தண்ணீர். காய்ந்து ஒட்டியிருந்தால் தேய்க்காமல், நனைந்த பஞ்சை அரை நிமிடம் அதன்மேல் போட்டுவையுங்கள். ஊறிக் கழன்றுவிடும். ஜிங்க் கிரீம் தடவியிருந்தால் அதையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்குப் படிந்த மேல்பகுதி போனால் போதும். கடைசியாக, மெல்லிய துணியால் ஒற்றி, தொடை இடுக்குகளை உலரவிட்டபிறகே டயபர். வைப்ஸுக்கும் இதே விதிதான். அந்த ஈரப் பளபளப்பு மறையும்வரை காத்திருங்கள். பவுடர் வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும்.

சொறி வந்துவிட்டால் வைப்ஸ் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இடத்தைப் பாருங்கள். பிட்டத்திலும் தொடையிலும் டயபர் உரசும் மேடான இடங்கள் மட்டும் சிவந்து, மடிப்புகள் தப்பித்திருந்தால் பெரும்பாலும் ஈரமும் மலமும் செய்த வேலை. மடிப்புக்குள்ளேயே அடர்சிவப்பாகி, ஓரத்தில் சின்னச்சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. அதே வைப்ஸால் வாயையும் துடைத்து, வாயைச் சுற்றியும் செதில் செதிலாக வந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். உங்கள் விரல்களையும் பாருங்கள். தினம் பத்து முறை அந்தத் திரவத்தைத் தொடுவது அவைதானே.

"பொறந்ததுலேர்ந்து இதே பிராண்டுதானே" என்பது இதில் வாதமாகாது. ஒவ்வாமை பல மாதம் பயன்படுத்திய பிறகும் தொடங்கலாம், துடைத்து ஓரிரு நாள் கழித்துத்தான் சிவக்கும். அதனால்தான் யாருக்கும் வைப்ஸ் மேல் சந்தேகம் வருவதில்லை. எல்லா வகை வைப்ஸையும் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். வேறு பிராண்டுக்கு மாறினால் அதே பொருள் அதிலும் இருக்கலாம். இடையில் கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ மூன்று நாளில் கொஞ்சமும் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போகவேண்டியதுதான், பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.

எங்கள் வீட்டில் இப்போது சமாதானம். வீட்டில் இருக்கும்போது தண்ணீர், பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் வாசனையில்லாத வைப்ஸ், திரும்பி வந்ததும் ஒரு தடவை வெறும் தண்ணீரால் துடைத்து உலரவிடுவது. பயன்படுத்திய வைப்ஸை கக்கூஸில் மட்டும் போடாதீர்கள். பலவற்றில் பாலியெஸ்டர் நூல் உண்டு, செப்டிக் டாங்கில் கரையாது. எங்கள் குழாய் அடைத்துக்கொண்டபோது ஆள் கம்பி விட்டு இழுத்ததில் வந்தது கயிறு மாதிரி முறுக்கிய வைப்ஸ்.