களக்குறிப்பு: நோட்டின் நடுவில் ஒரு கோடு

கள ஆய்வின் முதல் நாள். சேலம் புது பஸ் ஸ்டாண்டில், ஏற்காடு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதினேன். வீட்டுக்கு வந்து படித்தால் "கூட்டம் முண்டியடித்தது, ஒரு அம்மா சண்டை போட்டார்" என்றுதான் இருக்கிறது. அது என் தீர்ப்பு, கண்ணில் பட்டது அல்ல.

மறுபடி போனபோது நோட்டின் நடுவில் கோடு போட்டுக்கொண்டேன். பார்த்ததும் கேட்டதும் இடப்பக்கம், நான் நினைத்தது வலப்பக்கம். இடப்பக்கம் விழுந்தது இது: "10.40. பஸ் நிற்கும் முன்பே ஓர் அம்மா ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். உள்ளே ஏறிய இன்னொருவர் அதை எடுத்து மடித்து, பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். 'துண்டு போட்டிருக்கேன், தெரியலையா?' என்று அந்த அம்மா கேட்டதும் அவர் எழுந்துவிட்டார்."

வலப்பக்கம் "சண்டை?" என்று கேள்விக்குறியோடு எழுதினேன். துண்டுக்கு ஓர் உரிமை இருப்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அங்கே முழு வாக்கியம் எழுத நேரம் இருக்காது. நேரம், செயல், சொன்ன வார்த்தை மட்டும் கிறுக்கிவைத்து, அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். அப்படிச் செய்யாததால், மறுநாள் என் கிறுக்கலே எனக்குப் புரியவில்லை.