மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது: குதிகால் வலிக்குச் செருப்பு பார்த்து வாங்குவது எப்படி

குதிகால் வலிக்கிறது என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டுவது, விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிற ஒரு செருப்பைத்தான். என் அக்கா அப்படித்தான் ஒன்று வாங்கினாள். ஆய்வகத்தில் வேலை, நாளுக்கு எட்டு மணி நேரம் கெட்டித் தரையில் நிற்கவேண்டும். முதல் இரண்டு நாள் மேகத்தில் நடப்பது போல இருக்கிறது என்றாள், மூன்றாவது வாரம் குதிகால் வலி பழையபடி வந்ததோடு கெண்டைக்காலும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த தடவை நானும் கூடப் போனேன். அன்று நாங்கள் செய்து பார்த்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில், எந்த வலி என்று பாருங்கள்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடி உயிர்போகிற மாதிரி வலித்து, கொஞ்சம் நடந்ததும் குறைந்து, நாள் முழுக்க நின்றபின் சாயங்காலம் மறுபடி தலைதூக்குகிறதா? உள்ளங்காலில், குதிகாலின் முன்பகுதியில், உட்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் 'ஆ' என்று சொல்லவைக்கும் ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் பிளான்டர் ஃபேசியைடிஸ். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை நாடா மாதிரி ஒரு திசுப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவு தொய்ந்துவிடாமல் அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. மணிக்கணக்காக நிற்கும்போது அது இழுபட்டுக்கொண்டே இருக்கும், இழுப்பு அதிகம் விழுவது குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடத்தில். எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் பயப்படவேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

ஆக, செருப்பு செய்யவேண்டிய வேலை அந்தப் பட்டை இழுபடுவதைக் குறைப்பது. குதிகாலுக்கு மெத்தை போடுவது அதற்கு அடுத்தபடிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

வேறு மாதிரி வலி என்றால் செருப்புக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள்: படுத்திருக்கும்போதும் வலிப்பது, எரிச்சலோ மரத்துப்போவதோ இருப்பது, வீக்கம், குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அமுக்கினால் வலிப்பது (எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்). சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் அப்படியே. அவர்களுக்குத் திறந்த செருப்பே சரிதானா என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

2. சாயங்காலம் காலை அளந்துகொள்ளுங்கள்

நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கி அகலமாக இருக்கும், அந்தக் காலுக்குத்தான் செருப்பு வேண்டும். தரையில் ஒரு தாளை வைத்து, அதன்மேல் எழுந்து நின்று (உட்கார்ந்தபடி வேண்டாம், எடை இறங்கினால்தான் பாதம் விரியும்) இன்னொருவரை விட்டுப் பென்சிலை நேராகப் பிடித்து ஓரத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும். அக்காவுக்கு இடது 24.1 செ.மீ., வலது 24.5. பெரிய காலைக் கணக்கில் எடுக்கவேண்டும். விரல்களுக்கு முன்னால் ஏறக்குறைய அரை முதல் ஒரு செ.மீ. இடம் இருக்கவேண்டும், ஆகவே அவள் தேடியது கால் வைக்கும் பரப்பு 25 முதல் 25.5 செ.மீ. வரை நீளமுள்ள ஒன்று. அந்தத் தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் செருப்பின்மேல் வைத்துப் பார்த்தால் பாதம் எந்தப் பக்கம் வெளியே வழிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

3. காலில் போடும் முன் கையால் மூன்று சோதனை

இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள்.

முதலில் மடக்கிப் பாருங்கள். ஒரு கையில் குதிப்பக்கத்தையும் இன்னொரு கையில் முனையையும் பிடித்து மேல்நோக்கி மடக்குங்கள். நடக்கும்போது நம் கால் எங்கே மடங்குகிறது? விரல்கள் தொடங்கும் இடத்தில். செருப்பும் அங்கே மட்டும்தான் மடங்கவேண்டும். நடுவில், வளைவுக்கு நேர் கீழே, சப்பாத்தி மாதிரி இரண்டாக மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள், அந்தச் செருப்பு வளைவைத் தாங்காது. எங்குமே மடங்காத கட்டை மாதிரி ஒன்றாக இருந்தால், அடிப்பக்கம் முனையில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கிறதா பாருங்கள். வளைந்திருந்தால் உருண்டு நடக்கலாம், இல்லையென்றால் நடை தடுக்கும்.

அடுத்தது முறுக்குவது. ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். கொஞ்சம் கொடுக்கலாம், துணி மாதிரியே திருகிக்கொண்டால் வேண்டாம்.

கடைசியாக, குதிகால் பதியும் இடத்தைக் கட்டைவிரலால் ஒரே இடத்தில் அழுத்தி மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். சற்று உள்வாங்கி, பிறகு எதிர்த்து நிற்கவேண்டும், எடுத்ததும் பள்ளம் மேலே வரவேண்டும். விரல் அடிவரைக்கும் போய்த் தட்டுகிறது என்றால் உங்கள் மொத்த எடையும் அதன்மேல் நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். மெத்தை சீக்கிரமே அமுங்கிவிடும், அப்புறம் நீங்கள் நிற்பது தரையில்தான். அக்காவின் பஞ்சுச் செருப்பு தோற்றது இங்கேதான்.

எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாக்குவதற்கான நல்ல பொருள்தான். ஆனால் தட்டையாக வெட்டிய ஒரு தகடாக மட்டும் இருந்தால் வளைவைத் தாங்க அதில் ஒன்றும் இல்லை. பொருளின் பெயரைவிட வடிவத்தைப் பாருங்கள்.

4. பின்வார் இருக்கிறதா?

என்னைக் கேட்டால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பின்னால் வார் இல்லாத செருப்பு, அதுவும் தளர்வாக இருந்தால், ஒவ்வோர் அடிக்கும் கழன்று போகாமலிருக்க விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. நமக்கே தெரியாமல் நடக்கிற வேலை இது. சந்தேகமிருந்தால் பழைய செருப்பைப் பாருங்கள், விரல் நுனி பதிந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். அக்காவின் செருப்பில் ஐந்து விரலுக்கும் ஐந்து குழி, அழகாக. நாளெல்லாம் இப்படிக் கவ்வினால் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் ஓய்வே கிடைக்காது.

பின்வார், புறங்காலின் குறுக்கே ஒரு வார், முன்பாதத்தில் ஒன்று, இந்த மூன்றும் வெல்க்ரோவிலோ பக்கிளிலோ இறுக்கித் தளர்த்த வரவேண்டும், ஏனென்றால் காலையில் இருந்த கால் சாயங்காலம் இருக்காது. கூடவே குதிகால் உட்காரும் இடம் ஆழமில்லாத கிண்ணம் மாதிரி குழிவாக இருக்கட்டும். குதிகாலின் அடியில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது, ஓரம் உயர்ந்திருந்தால் அது பக்கவாட்டில் பிதுங்காமல் எலும்புக்குக் கீழேயே நிற்கும்.

5. உயரம்

முழுத் தட்டையும் வேண்டாம், ஹீல்ஸும் வேண்டாம். முன்பாதத்தைவிடக் குதிகால் ஒன்றிரண்டு செ.மீ. மேலே இருந்தால் கெண்டைக்காலின் இழுப்பு குறையும். அடிப்பாகத்தின் கனத்தை இரண்டு இடத்திலும் அளவுகோலால் அளந்து கழித்துப் பார்த்தால் போதும். அதற்குமேல் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போய் அங்கே ஒரு புது வலி கிளம்பும்.

6. போட்டுப் பார்ப்பது: பத்து நிமிடம் நில்லுங்கள்

நாலு அடி நடந்து 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு வரக்கூடாது, உங்கள் பிரச்சினையே நிற்பதில்தான். இரண்டு காலிலும் போட்டு, வாரெல்லாம் இறுக்கி, பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அன்று அக்கா மூன்று ஜோடியை எடுத்தாள். முதலாவது, நடுவில் மடங்கியது, காலில் போடவே இல்லை. இரண்டாவது கையால் செய்த எல்லாச் சோதனையிலும் தேறியது, வளைவுக்கு நல்ல மேடும் இருந்தது. ஆனால் நின்று ஐந்தாவது நிமிடம், "என்னடா இது, கூழாங்கல்லை மிதிச்ச மாதிரி இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன், மேட்டின் உச்சி அவள் வளைவுக்குப் பின்னால், குதிகாலை ஒட்டி இருந்தது, வலிக்கிற இடத்தையே அது குத்தியது. ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிப் போட்டபோது மேடு சரியான இடத்துக்கு வந்தது, ஆனால் விரலுக்கு முன்னால் இரண்டு செ.மீ. சும்மா கிடந்தது. வேண்டாமென்று வைத்துவிட்டோம். செருப்பின் அளவு எண் மொத்த நீளத்துக்குத்தான், வளைவு எங்கே வரும் என்பதை அது சொல்லாது. மூன்றாவதில் மேடு கொஞ்சம் தாழ்வு, ஆனால் இடம் சரி. பாதத்தை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர, குத்தவில்லை. அதையே வாங்கினோம்.

7. வாங்கிய பிறகு

முதல் நாளே எட்டு மணி நேரம் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டலாம். புது மேட்டுக்குப் பழகும்வரை வளைவில் லேசான அசதி இருக்கும், ஆனால் குதிகால் வலி முன்பைவிடக் கூடினாலோ தோல் உரசிச் சிவந்தாலோ அந்தச் செருப்பு உங்களுக்கானதில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது, முதல் சில நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டால் அடியும் அழுக்காகாது.

வீட்டில் வெறுங்காலோடு நடப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். எட்டு மணி நேரம் செருப்பு தாங்கியதை வீட்டுத் தரை மீதி நேரத்தில் கெடுத்துவிடும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முன், வலிக்கிற காலை மற்ற முழங்காலின்மேல் போட்டு, விரல்களைக் கையால் அதே காலின் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணுங்கள், இப்படிப் பத்து தடவை. அந்த முதல் அடி எவ்வளவு லேசாகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இந்த வலி ஆற மாதக்கணக்கில் ஆகும். அக்காவுக்கு ஆறு வாரம் கழித்துக் காலை வலி பாதியாகக் குறைந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. அப்படிக் குறையவே குறையாவிட்டால் செருப்பை மாற்றிக்கொண்டே போகாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை செருப்பை மேசைமேல் வைத்துப் பின்பக்கமாகக் குனிந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்கவேண்டும். ஒன்று உள்ளேயோ வெளியேயோ சாய்ந்தாலோ, கட்டைவிரல் சோதனையில் பள்ளம் மேலே வராவிட்டாலோ, மேலே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதன் காலம் முடிந்தது. அந்தத் தாளில் வரைந்த பாத அளவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஜோடிக்கு அது வேண்டும்.