ஐஸ் பாரில் 4.50 ரூபாய்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளான்ட் போட நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். முதலீடு 40 லட்சம், 5 வருடம், வட்டி 12 சதவீதம். வருடத்துக்கு 20,000 பார், விலை 150 ரூபாய், ஒரு பாருக்குச் செலவு 70, நிலையான செலவு 4 லட்சம். 5 வருட வரவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால், நிகர தற்போதைய மதிப்பு 3.26 லட்சம் லாபம். வங்கிக்குக் காட்ட இது போதும், உங்களுக்குப் போதாது.

முதலில் உணர்திறன் ஆய்வு. மற்றதைத் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விற்பனை 5.6 சதவீதம் குறைந்தால் லாபம் பூஜ்யம். விலைக்கோ 3 சதவீதமே போதும், அதாவது பாருக்கு 4.50 ரூபாய். எனவே விசாரிக்க வேண்டியது விலையைத்தான்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு பிளான்ட் வந்தால் விலையும் விற்பனையும் சேர்ந்தே விழும். அதுதான் சூழ்நிலை ஆய்வு: 140 ரூபாய், 18,000 பார் என்று போட்டால் 9 லட்சம் நஷ்டம். அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் இது சொல்லாது.

அதற்குத்தான் சிமுலேஷன். எக்செலில் விலையைத் தற்செயலாக எடுக்க, சராசரி 150, திட்ட விலக்கம் 8 என்று இப்படி:

```
=NORM.INV(RAND(),150,8)
```

விற்பனைக்கும் இதேபோல் போட்டு, ஆயிரம் தடவை ஓடவிட்டு, எத்தனை முறை நஷ்டம் வருகிறது என்று எண்ணுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: இரண்டையும் தனித்தனி RAND()-இல் எடுத்தால், விலை விழும்போது பல தடவை விற்பனை ஏறி ஈடுகட்டிவிடும். ஆபத்து குறைவாகத் தெரியும். இரண்டையும் இணைத்தே ஓட்டுங்கள்.